கம்பி மட்டும் போதாதபோது: முன்தள்ளிய கீழ்த்தாடைக்கான அறுவை சிகிச்சை, தொடக்கம் முதல் முடிவு வரை

கீழ்த்தாடை முன்னால் நீண்டிருக்கும் ஓர் இளைஞர் பற்சீரமைப்பு மருத்துவரிடம் போகிறார். வாயை மூடினால் கீழ் முன்பற்கள் மேல் முன்பற்களுக்கு 4 மி.மீ. முன்னால் நிற்கின்றன. கம்பி போடுகிறார்கள். ஓராண்டுக்கு மேல் ஆனபின் அவர் கண்ணாடியில் பார்க்கிறார். அந்த இடைவெளி 10 மி.மீ. ஆகியிருக்கிறது. தாடை முன்பைவிட நீண்டு தெரிகிறது. வீட்டில் உள்ளவர்கள் பதறுகிறார்கள், மருத்துவரை மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறார்கள்.

உண்மையில் சிகிச்சை நூல் பிடித்ததுபோலச் சரியாகப் போய்க்கொண்டிருக்கிறது. அறுவைக்கு முன் கம்பி செய்யவேண்டிய வேலையே இதுதான். இதை யாரும் முன்கூட்டியே சொல்லாததால் பாதி வழியில் சிகிச்சையைக் கைவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த எடுத்துக்காட்டு இளைஞரையே கடைசிவரை கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு படியிலும் என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று சொல்கிறேன். அவருக்கு 20 வயது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் படி: பற்கள் மறைத்து வைத்திருப்பதைக் கண்டுபிடிப்பது

தாடைகள் பொருந்தாமல் வளரும்போது பற்கள் சும்மா இருப்பதில்லை. மேல்தாடை பின்தங்கினால், நாக்கு மேல் முன்பற்களை வெளியே தள்ளுகிறது. கீழ்த்தாடை முன்னால் போனால், கீழுதடு கீழ் முன்பற்களை உள்ளே அழுத்துகிறது. இப்படிப் பற்கள் ஒன்றையொன்று எட்டிப்பிடிக்கச் சாய்கின்றன. வெளியே தெரியும் 4 மி.மீ. என்பது, பற்கள் இவ்வளவு சாய்ந்தும் மறைக்க முடியாமல் எஞ்சிய மிச்சம். எலும்பில் உள்ள உண்மையான வித்தியாசம் அதைவிடப் பெரியது.

இதை அளக்க, தலையை அசையாமல் பிடித்து எடுக்கும் பக்கவாட்டு எக்ஸ்ரே உதவுகிறது. மூக்கின் வேரிலிருந்து மேல்தாடைக்கு ஒரு கோடு, கீழ்த்தாடைக்கு ஒரு கோடு இழுத்தால், சராசரி முகத்தில் மேல்தாடைக் கோடு சுமார் 2 பாகை முன்னால் இருக்கும். நம் இளைஞருக்கு அது 5 பாகை பின்னால் இருக்கிறது. கீழ் முன்பற்கள் கீழ்த்தாடையின் அடிக்கோட்டுக்கு ஏறத்தாழ 90 பாகையில் நிற்கவேண்டும்; அவருக்கு 80. மேல் முன்பற்கள் அண்ணத்தின் தளத்துக்குச் சுமார் 110 பாகையில் இருக்கவேண்டும், அவருக்கு 120. இரண்டு வரிசையும் ஆளுக்குப் பத்துப் பாகை சாய்ந்து உதவியிருக்கின்றன.

எக்ஸ்ரேவுக்கு முன்பே நாற்காலியில் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. தாடையைத் தளர்த்தி, மெதுவாகப் பின்னோக்கி வழிநடத்தி, பற்கள் முதலில் எங்கே தொடுகின்றன என்று பார்ப்பது. சிலருக்கு மேல், கீழ் முன்பற்களின் விளிம்புகள் நேருக்கு நேர் தொடும்; முழுதாகக் கடிக்க முயலும்போதுதான் தாடை வழுக்கி முன்னால் போகும். அவர்களுடைய தாடைக் குறை தோற்றத்தைவிடச் சிறியது. பலருக்குக் கம்பியே போதும். நம் இளைஞரின் தாடையை எவ்வளவு தளர்த்தினாலும் விளிம்புகள் சந்திக்கவில்லை. அவர் முன்பல்லால் ஒரு நூலைக்கூடக் கடித்து அறுக்க முடியாது. கோரைப்பல் பக்கம் கொண்டுபோய்த்தான் அறுக்கிறார்.

இரண்டாம் படி: மறைப்பதா, திருத்துவதா

இந்தச் சிகிச்சை முழுவதிலும் திரும்பப் பெற முடியாத முடிவு இதுதான் என்பேன். முதல் கம்பி ஒட்டப்படும் முன்பே இதை எடுத்தாகவேண்டும்.

அறுவை இல்லாமல் கம்பியால் சமாளிப்பதை மறைப்புச் சிகிச்சை எனலாம். அதில் இயற்கை செய்துவைத்த சாய்வை மருத்துவர் மேலும் கூட்டுவார். கீழ்வரிசையில் இரண்டு முன்கடைவாய்ப் பற்களை எடுத்து, கீழ் முன்பற்களை இன்னும் உள்ளே இழுப்பார். தாடைக் குறை சிறியதாக இருந்தால் இது நல்ல சிகிச்சை. ஆனால் ஏற்கெனவே 80 பாகையில் படுத்திருக்கும் பல்லை இன்னும் சாய்த்தால், வேர் மெல்லிய எலும்புச் சுவரை முட்டும். ஈறு இறங்கி வேர் வெளியே தெரியத் தொடங்கும். முகமும் அப்படியே இருக்கும், சில நேரம் முகவாய் இன்னும் தூக்கலாகத் தெரியும். மேல்தாடை 4 பாகைக்கு மேல் பின்தங்கியும், கீழ் முன்பற்கள் 83 பாகைக்குக் கீழே சாய்ந்தும் இருந்தால், பெரும்பாலான மருத்துவர்கள் அறுவையின் பக்கமே சாய்வார்கள். இந்த எண்கள் வழிகாட்டும் கம்பங்கள், வேலி அல்ல. ஈறு எவ்வளவு தடிமன், முகத்தைப் பற்றி அந்த மனிதர் என்ன நினைக்கிறார் என்பதும் அதே அளவு எடையுள்ளவை.

அறுவைக்கான தயாரிப்பு இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. சாய்ந்த பற்களை நிமிர்த்தி, தத்தம் தாடையில் நேராக நிறுத்துவது. பல் எடுக்கவேண்டியிருந்தால் அது பெரும்பாலும் மேல்வரிசையில்தான், ஏனென்றால் அங்கேதான் பற்கள் வெளியே தள்ளி நெருக்கியடித்து நிற்கின்றன. ரப்பர் பேண்ட் மாட்டும் திசைகூட மாறும்: மறைப்பில் மேல் கடைவாயிலிருந்து கீழ் முன்பக்கத்துக்கு, தயாரிப்பில் கீழ் கடைவாயிலிருந்து மேல் முன்பக்கத்துக்கு.

“முதலில் கம்பி போட்டுப் பார்ப்போம், சரிவராவிட்டால் அறுவை செய்யலாம்” என்ற பேச்சு எவ்வளவு ஆபத்தானது என்பது இப்போது புரியும். கீழ்ப்பற்கள் இரண்டை எடுத்து இடத்தை மூடியபின் அறுவைக்கு வருபவருக்கு, கீழ் முன்பற்களை நிமிர்த்த அந்த இடத்தை மறுபடி திறக்கவேண்டியிருக்கும். அப்போது சரிசெய்யக்கூடிய அளவும் குறைந்துபோகலாம். ஆகவே பற்சீரமைப்பு மருத்துவரும் முகத்தாடை அறுவை மருத்துவரும் ஒன்றாக உங்களைப் பார்த்துத் திட்டத்தை எழுதும்வரை எந்தப் பல்லையும் எடுக்கச் சம்மதிக்காதீர்கள்.

மூன்றாம் படி: வளர்ச்சி முடியும்வரை பொறுப்பது

கீழ்த்தாடை முகத்தில் கடைசியாக வளர்ந்து நிற்கும் எலும்பு. முன்தள்ளிய தாடைகள் இன்னும் தாமதமாக நிற்கக்கூடும். பெண்களுக்குப் பதின்பருவத்தின் இறுதியிலும் ஆண்களுக்கு இன்னும் சில ஆண்டுகள் கழித்தும் நிற்பது வழக்கம் என்றாலும், வயதை மட்டும் நம்பி நாள் குறிக்கக்கூடாது. ஆறு மாதம் முதல் ஓராண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு பக்கவாட்டு எக்ஸ்ரேக்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கவேண்டும். கோடுகள் ஒன்றோடொன்று படிந்தால் வளர்ச்சி நின்றிருக்கிறது. முகம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டே போனால் கதை வேறு: ஒரு பக்கத் தாடை மூட்டு மட்டும் வளர்ந்துகொண்டிருக்கலாம், அதற்கு எலும்பு ஸ்கேன் தேவைப்படும்.

நான்காம் படி: கடியை மோசமாக்கும் மாதங்கள்

இந்தக் கட்டம் பொதுவாக 12 முதல் 18 மாதம் ஆகும். நம் இளைஞருக்கு மேலே இரண்டு முன்கடைவாய்ப் பற்கள் எடுக்கப்படுகின்றன. அந்த இடத்தில் நெருக்கடி தீர்ந்து, மேல் முன்பற்கள் 120 பாகையிலிருந்து 113க்கு வருகின்றன. கீழே பல் எடுக்கவில்லை. கீழ் முன்பற்கள் 80இலிருந்து 88க்கு நிமிர்கின்றன. சுமார் இரண்டரைப் பாகை நிமிர்ந்தால் பல்லின் விளிம்பு 1 மி.மீ. நகரும் என்பது ஒரு நடைமுறைக் கணக்கு. அப்படியானால் மேலே 3 மி.மீ. பின்னால், கீழே 3 மி.மீ. முன்னால். பழைய 4 உடன் சேர்த்து 10 மி.மீ. கண்ணாடியில் அவர் பார்த்தது இதைத்தான்.

இந்த மாதங்களில் மெல்வது முன்பைவிடச் சிரமமாகும், சிலருக்குப் பேச்சில் ‘ஸ’ ஒலி பிசகும். நிழற்படம் எடுக்கவே மனம் வராது. ஆனாலும் போதிய அளவு நிமிர்த்தாமல் அவசரப்பட்டால் நஷ்டம் பெரிது. 10 மி.மீ. ஆகவேண்டியது 6இல் நின்றால், அறுவை மருத்துவரால் அந்த 6 மி.மீ. அளவுக்குத்தான் தாடையை நகர்த்த முடியும். பற்கள் பொருந்திவிடும், முகத்தின் குறையில் ஒரு பங்கு அப்படியே தங்கிவிடும்.

பின்பற்களின் அகலத்தையும் இப்போதே பார்க்கவேண்டும். மேல், கீழ் பல்வரிசைகளின் மாதிரிகளைக் கையில் எடுத்து, அறுவைக்குப்பின் எப்படி இருக்குமோ அப்படி மேல்மாதிரியை முன்னால் நகர்த்திப் பொருத்துவோம். பல்வரிசை குதிரை லாடம் போலப் பின்னே போகப்போக விரிவது. அதனால் வாயில் பார்க்கும்போது குறுகலாகத் தெரிந்த மேல்வரிசை, முன்னால் நகர்த்தியதும் கீழ்வரிசையைச் சரியாகத் தழுவிக்கொள்வதை அடிக்கடி காணலாம். அப்படியும் உள்ளே விழுந்தால் மட்டுமே மேல்தாடையை விரிக்கவேண்டும். தயாரிப்பு முடியும்வரை சில மாதத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்தால், இடிக்கும் பல் எது என்று கையிலேயே தெரிந்துவிடும்.

கீழ் ஞானப்பற்கள் அறுவைக் கோட்டிலேயே இருப்பதால், அவற்றை ஆறு மாதத்துக்கு முன்பே எடுத்து எலும்பு ஆற விடும் வழக்கம் பரவலாக உண்டு. கடைசியாக, கனமான செவ்வக எஃகுக் கம்பி மாட்டி, அது எந்தப் பல்லையும் நகர்த்தாமல் சில வாரம் அசையாது இருந்தபின்தான் இறுதி அளவு எடுக்கிறோம்.

கம்பிக்கு முன்பே அறுவையைச் செய்துவிடும் முறையும் இருக்கிறது. பற்களின் நெருக்கடி குறைவாகவும், மூன்று இடங்களிலாவது மேல்–கீழ் பற்கள் உறுதியாக முட்டும்படியும் இருப்பவர்களுக்கு அது பொருந்தும். நம் இளைஞரைப் போல் பல் எடுக்கவேண்டியவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

ஐந்தாம் படி: 12 மி.மீ.யை இரண்டு தாடைக்கும் பங்கிடுவது

இயல்பான கடியில் மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களுக்கு 2 மி.மீ. முன்னால் நிற்கவேண்டும். இருப்பது 10 மி.மீ. பின்னால். ஆக மொத்தம் 12 மி.மீ. நகரவேண்டும். கீழ்த்தாடைதானே நீளம், அதையே 12 மி.மீ. பின்னால் தள்ளிவிட்டால் என்ன என்று பலரும் கேட்கிறார்கள்.

அதில் இரண்டு கேடுகள். கீழ்த்தாடையோடு நாக்கும் பின்னால் போகிறது. தொண்டையின் காற்றுவழி குறுகுகிறது, தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் அபாயம் கூடுகிறது. அடுத்து, கீழ்த்தாடையை மட்டும் அதிகமாகப் பின்தள்ளுவது நிலைத்து நிற்பதில் நம்பிக்கை குறைந்த நகர்வு. தாடைத் தசைகள் அதைத் திரும்ப முன்னால் இழுக்கப் பார்க்கும். மேல்தாடையை முன்னால் கொண்டுவருவது இதைவிட நன்றாக நிற்கும். தவிர, நம் இளைஞருக்குக் கன்னமும் மூக்கின் ஓரமும் தட்டையாக இருக்கின்றன. குறை மேல்தாடையிலும் உண்டு. எனவே மேல்தாடை 6 மி.மீ. முன்னால், கீழ்த்தாடை 6 மி.மீ. பின்னால் என்று பங்கிடுகிறோம்.

இந்த நகர்வை முதலில் கணினியில் செய்துபார்க்கிறார்கள். முப்பரிமாண ஸ்கேனில் வரும் எலும்பும், வாய்க்குள் எடுத்த பல் ஸ்கேனும் ஒன்றாக்கப்பட்டு, தாடைகள் திரையில் வெட்டி நகர்த்தப்படுகின்றன. அதிலிருந்து, மேல்–கீழ் பற்களுக்கு இடையே வைத்துத் தாடைகளைப் பொருத்தும் பிளாஸ்டிக் அச்சுகள், அதாவது ஸ்பிளிண்டுகள், இரண்டு தயாராகின்றன. நகர்த்திய மேல்தாடையை இன்னும் நகர்த்தாத கீழ்த்தாடையோடு பொருத்தும் இடைக்கால ஸ்பிளிண்ட் ஒன்று. இறுதிக் கடிக்கான ஸ்பிளிண்ட் மற்றொன்று. மேல் முன்பற்களின் நடுக்கோடு முகத்தின் நடுக்கோட்டோடு நிற்கிறதா, உதட்டைத் தளர்த்தும்போது எத்தனை மி.மீ. பல் தெரிகிறது என்பவற்றைத் திரையில் அல்ல, எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதரின் முகத்தில் அளக்கவேண்டும். திரையில் தலை சற்றே சாய்ந்திருந்தால் திட்டம் முழுவதுமே சாய்ந்துவிடும்.

ஆறாம் படி: அறுவை

முழு மயக்கத்தில், சுமார் மூன்று முதல் ஐந்து மணி நேரம் ஆகும். மூச்சு விடச் செருகும் குழாய் மூக்கு வழியாகப் போகிறது, ஏனென்றால் நடுநடுவே வாயை மூடிக் கடியைச் சரிபார்க்கவேண்டும். வெட்டுகள் பெரும்பாலும் வாய்க்குள்ளேயே இருப்பதால் முகத்தில் தழும்பு வராது. சிலருக்குத் திருகு போடக் கன்னத்தில் சிறு துளை தேவைப்படலாம்.

மேல்தாடை, மூக்கின் ஓரத்திலிருந்து பின்னே வரை, பல் வேர்களுக்கு மேலாகக் கிடைமட்டமாக வெட்டப்படுகிறது. பிரெஞ்சு மருத்துவர் ரெனே லெ ஃபோர்ட் 1901இல் மண்டையோடுகள் இயல்பாக உடையும் கோடுகளை விவரித்தார். அவற்றில் கீழ்மட்டக் கோடு இது. தாடையைக் கீழே இறக்கி முழுதாக விடுவித்தாலும் அது உயிரோடு இருக்கிறது; அண்ணத்தின் சதையும் பின்பக்க ஈறும் இரத்தத்தைக் கொண்டுவந்துகொண்டே இருக்கும். விரலால் தள்ளினாலே முன்னால் வரும் அளவுக்கு அது தளரவேண்டும். இழுத்துப் பிடித்துத் தகடு போட்டால், பிறகு பின்வாங்கும். இடைக்கால ஸ்பிளிண்டில் பொருத்தி, நான்கு சிறு டைட்டானியம் தகடுகளால் இறுக்குகிறார்கள்.

கீழ்த்தாடைக்கான வெட்டு சாமர்த்தியமானது. ஹூகோ ஒப்வேகசர் 1950களில் வடிவமைத்தது. கடைவாய்க்குப் பின்னால் எலும்பை நேர்குறுக்கே வெட்டாமல், உள்சுவர் ஒன்று வெளிச்சுவர் ஒன்று என்று நீளவாக்கில் பிளக்கிறார்கள். பல் உள்ள பகுதி பின்னால் சறுக்கினாலும் இரண்டு சுவர்களும் அகலமாக ஒட்டியே இருப்பதால் எலும்பு நன்றாகக் கூடுகிறது. அந்தப் பிளவின் நடுவில்தான் கீழுதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. அதைக் கண்ணால் பார்த்து, உள்பகுதியோடு நகர்த்துவார்கள். இருந்தும் இழுபடுவதால், பெரும்பாலோருக்குக் கீழுதடும் முகவாயும் சில வாரமோ மாதமோ மரத்திருக்கும். ஒரு பகுதியினருக்குக் கொஞ்சம் மரப்பு நிரந்தரமாகத் தங்கும். வயது கூடக்கூட அந்த வாய்ப்பும் கூடும். சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன் நிதானமாகப் பேசவேண்டிய விஷயம் இதுதான்.

எலும்பு நினைத்த கோட்டில் பிளக்காமல் வேறு பக்கம் உடைவதும் எப்போதாவது நடக்கும். கூடுதல் தகடு போட்டுச் சரிசெய்வார்கள். அதைவிடச் சத்தமில்லாமல் நடக்கும் பிழை மூட்டில் இருக்கிறது. தகடு போடும்போது தாடை மூட்டின் தலை அதன் குழியில் சரியாக உட்காரவில்லை என்றால், ஸ்பிளிண்டில் கடி பிரமாதமாகத் தெரியும். அதனால்தான் தாடைகளைக் கட்டியிருந்த கம்பியை மேசையிலேயே அவிழ்த்து, கீழ்த்தாடையை மெதுவாகத் திறந்து மூடிப் பார்க்கிறார்கள். மூட்டு குழிக்குத் திரும்பும்போது கடி திறந்துகொண்டாலோ ஒரு பக்கம் நழுவினாலோ, தகட்டைக் கழற்றி மறுபடி போடவேண்டும். அந்த இரண்டு நிமிடச் சோதனை பல மாதத் தொல்லையைத் தடுக்கும்.

ஏழாம் படி: முதல் ஆறு வாரம்

வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். மூக்கு அடைத்திருக்கும், தலையை உயர்த்திப் படுப்பது உதவும். தகடு இருப்பதால் இப்போதெல்லாம் தாடைகளை வாரக்கணக்கில் கம்பியால் கட்டிவைப்பது அரிது. சில ரப்பர் பேண்டுகள் கடிக்கு வழிகாட்டும். முதலில் திரவ உணவு, பிறகு மெல்லத் தேவையில்லாத குழைந்த உணவு என்று சுமார் ஆறு வாரம் போகும். பலருக்குச் சில கிலோ எடை குறைகிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிடவேண்டும். மரத்த உதட்டில் சூடு தெரியாது, அதனால் பானங்களை மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் குடியுங்கள்.

இரண்டாவது வாரத்தில் மனம் சோர்வது மிகச் சாதாரணம். வீங்கிய அந்நியமான முகம், தூக்கமின்மை, போதாத சாப்பாடு எல்லாம் சேர்ந்து “ஏன் செய்துகொண்டோம்” என்று தோன்றும். பெரும்பகுதி வீக்கம் முதல் மாதத்தில் வடிந்துவிடும். மிச்சம் வடிய ஆறு மாதத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை முகத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதவேண்டாம்.

காத்திருக்கக் கூடாதவை சில உண்டு. வீடு வந்தபின் மூக்கிலிருந்து திடீரென்று அதிகமாக இரத்தம் வந்தால், தானாக நின்றாலும் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும்; மேல்தாடைக்குப் பின்னால் உள்ள இரத்தக்குழாய் காரணமாக இருக்கலாம். குறைந்துகொண்டிருந்த வீக்கம் ஒரு பக்கம் மறுபடி ஏறி, காய்ச்சலோ கெட்ட சுவையோ சேர்ந்தால் தொற்று. ரப்பர் பேண்டைக் கழற்றியதும் நேற்றுத் தொட்ட பல் இன்று தொடவில்லை என்றால், தகடோ மூட்டோ நகர்ந்திருக்கலாம். முதல் சில நாட்களுக்குள் சொன்னால் திருத்துவது எளிது. இறுக்கமான ரப்பர் பேண்டால் அதை மூடிமறைத்தால், ரப்பரை நிறுத்தும் நாளில் வெளிவரும்.

எட்டாம் படி: கம்பி கழலும் வரையும், அதற்குப் பிறகும்

எலும்பு ஓரளவு கூடியபின் கனமான கம்பியை எடுத்துவிட்டு மெல்லிய கம்பி மாட்டி, பற்களை ஒன்றோடொன்று நன்றாகப் பதியவைக்கும் வேலை தொடங்கும். இது ஆறு மாதம் முதல் ஓராண்டு. அறுவைக்குப்பின் எலும்பு புதுப்பித்துக்கொண்டிருக்கும் மாதங்களில் பற்கள் வழக்கத்தைவிட வேகமாக நகர்வதால், ஆரம்பச் சந்திப்புகளைத் தவறவிடக்கூடாது. நாக்கும் புதிய இடத்துக்குப் பழகவேண்டும். ஓய்வில் நாக்கு நுனி கீழ்ப்பற்களை முட்டிக்கொண்டே இருந்தால் கடி மெல்லத் திறக்கும்.

கம்பி கழன்றபின் பல்நிலைக் காப்பான்கள் வருகின்றன. தகடுகள் தொந்தரவு தராவிட்டால் வாழ்நாள் முழுவதும் உள்ளேயே இருக்கலாம். ஓராண்டு கழித்து மறுபடி ஒரு பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்து, அறுவை முடிந்த வாரத்தில் எடுத்ததன்மேல் வைத்துப் பார்க்கிறோம். ஒன்றிரண்டு மி.மீ. நகர்ந்திருந்தால் பற்களே அதை ஈடுகட்டிக்கொள்ளும், நம் இளைஞருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. கீழ்த்தாடை அதற்கும் மேல் முன்னால் வந்திருந்தால், முதல் சில மாதத்தில் வந்ததா, பிறகு மெல்ல மெல்ல வந்ததா என்று பார்ப்போம். முன்னது மூட்டையும் தகட்டையும் சுட்டும். பின்னது, வளர்ச்சி முடிவதற்குள் நாள் குறித்துவிட்டோம் என்பதைச் சுட்டும்.